தளத்துக்கு ஒரு முகவரி: உங்கள் மின்னஞ்சல் எந்தக் கதவு வழியாக வெளியே போனது?

"மின்னஞ்சல் முகவரியில் ஒரு கூட்டல் குறி போட்டு கடையின் பெயரைச் சேர்த்துவிடு. யார் உன் முகவரியை விற்றார்கள் என்று தெரிந்துவிடும்." இந்த அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்போம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் நானும் சில வருடங்களுக்கு முன் ஒரு தவறு செய்தேன். ஒரு சிறிய புத்தகக் கடைக்கென்று மட்டும் வைத்திருந்த முகவரிக்குச் சூதாட்ட விளம்பரம் வந்தது. கொஞ்சமும் யோசிக்காமல், "என் முகவரியை விற்றுவிட்டீர்கள்" என்று கடைக்காரருக்குக் கடுமையாக எழுதினேன். அவர் விற்கவில்லை. புது வரவுகளைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப அவர் பயன்படுத்திய வெளி நிறுவனத்தில் தரவு திருடு போயிருந்தது. அவருக்கே அது என் கடிதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

முகவரி சரியாகத்தான் வேலை செய்தது. அது சொன்னதை நான்தான் தவறாகப் படித்தேன். இந்த முறை எப்படி இயங்குகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

## மூன்று தரகர்கள், மூன்று விலை

ஊரில் ஒரு மனையை விற்க நினைக்கிறீர்கள். மூன்று தரகர்களிடம் சொல்கிறீர்கள். முதல்வரிடம் 31 லட்சம், இரண்டாமவரிடம் 32 லட்சம், மூன்றாமவரிடம் 33 லட்சம் என்று விலை சொல்கிறீர்கள். "வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள், ஆளை நேரில் கூட்டி வாருங்கள்" என்றும் கேட்டுக்கொள்கிறீர்கள். பத்து நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, "மனை 32 லட்சமாமே?" என்கிறார். செய்தி இரண்டாம் தரகரிடமிருந்து போயிருக்கிறது என்று உடனே புரிந்துவிடும்.

ஆனால் அவர் காசு வாங்கிக்கொண்டு சொன்னாரா, டீக்கடையில் அவர் பேசியதைப் பக்கத்தில் இருந்தவர் கேட்டாரா, அவருடைய உதவியாளர் டைரியைப் புரட்டினாரா? 32 என்ற எண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது. செய்தி எந்தக் கதவைத் தாண்டியது என்பதை எண் காட்டுகிறது. கதவைத் திறந்தது யார் என்பதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முகவரி கொடுப்பதும் இதே வேலைதான். அந்த 31, 32, 33-க்குப் பதிலாக முகவரியின் எழுத்துகள் மாறுகின்றன, அவ்வளவுதான்.

## மாற்று முகவரி எப்படி வந்து சேர்கிறது?

மின்னஞ்சல் முகவரியில் இரண்டு பாதி உண்டு. `@` குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன்: கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது. இடப்பக்கம் இருப்பதைப் பெயர்ப்பகுதி என்று வைத்துக்கொள்வோம். கடிதம் அனுப்பும் சர்வர் டொமைனை மட்டும் பார்த்து வழி கண்டுபிடிக்கிறது. பெயர்ப்பகுதிக்கு என்ன பொருள் என்பதைக் கடிதத்தைப் பெறும் சர்வர்தான் முடிவு செய்கிறது.

இந்த முறை முழுவதும் அந்தச் சுதந்திரத்தின் மேல்தான் நிற்கிறது. பெறும் சர்வர் நினைத்தால் நூறு வெவ்வேறு பெயர்ப்பகுதிகளை ஒரே அஞ்சல்பெட்டியில் கொண்டுவந்து சேர்க்கலாம். அப்படி வேறு பெயரில் இருந்தாலும் உங்கள் பெட்டிக்கே வந்து சேரும் முகவரிதான் மாற்று முகவரி.

அதை உருவாக்க மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன. முதலாவது கூட்டல் குறி. ஜிமெயில் உட்படப் பல சேவைகளில் பெயருக்குப் பின் `+` போட்டு என்ன எழுதினாலும் கடிதம் உங்களுக்கே வரும். எதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டாம். இரண்டாவது, மாற்று முகவரி தரும் சேவைகள்: சிம்பிள்லாகின், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் ஹைட் மை இமெயில் போன்றவை. இவை தொடர்பே இல்லாத ஒரு முகவரியை உருவாக்கி, அதற்கு வருவதை உங்கள் பெட்டிக்குத் திருப்பிவிடும். மூன்றாவது, சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, அதில் எந்தப் பெயர்ப்பகுதிக்கு வந்தாலும் ஏற்றுக்கொள் என்று அமைப்பது. இந்த அமைப்புக்கு கேட்ச்-ஆல் என்று பெயர்.

இதுவரை பார்த்தது: கடிதத்தின் வழியை டொமைன் தீர்மானிக்கிறது, பெயர்ப்பகுதியைப் பெறுபவர் தன் விருப்பப்படி படித்துக்கொள்கிறார். அதனால் ஒரே பெட்டிக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம்.

## கூட்டல் குறியில் உள்ள ஓட்டை

கூட்டல் குறி இலவசம், எளிது, இன்றே ஆரம்பிக்கலாம். ஆனால் அதன் ரகசியம் எல்லோருக்கும் தெரியும். முகவரிப் பட்டியலை வாங்கி விற்பவர்களுக்கும் தெரியும். கூட்டல் குறியிலிருந்து `@` வரை இருப்பதை வெட்டி எறிய ஒரே ஒரு வரிக் கட்டளை போதும்:

```
kayal+puthakam@example.com
kayal@example.com
```

மேலே இருப்பது நீங்கள் கொடுத்தது. கீழே இருப்பது வெட்டிய பிறகு மிஞ்சுவது. தரகர் சொன்ன விலையை அழித்துவிட்டு வெறும் மனை விவரத்தை மட்டும் கைமாற்றியது போல, உங்கள் அடையாளக் குறி காணாமல் போய்விடும். கடிதம் உங்களுக்கு வந்து சேரும், யாரிடமிருந்து போனது என்று மட்டும் தெரியாது. அதாவது, கூட்டல் குறி கவனக்குறைவான ஆளைப் பிடிக்கும். திட்டமிட்டுப் பட்டியலைச் சுத்தம் செய்கிறவரைப் பிடிக்காது. "குறி போட்ட முகவரிக்கு ஒன்றும் வரவில்லை, அதனால் அந்தத் தளம் யோக்கியம்" என்று முடிவுக்கு வரக்கூடாது.

நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு. சில தளங்கள் கூட்டல் குறியைப் பார்த்ததும் "தவறான முகவரி" என்று திருப்பி அனுப்பும். இன்னும் மோசம், பதிவு செய்யும்போது ஏற்றுக்கொண்டுவிட்டு, பட்டியலிலிருந்து விலகும் இணைப்பில் சொதப்பும். இணைய இணைப்புகளில் `+` என்பது இடைவெளி என்றும் படிக்கப்படும். தளத்தை எழுதியவர் இதைக் கவனிக்காவிட்டால் உங்கள் முகவரி நடுவில் இடைவெளியோடு அவர்களிடம் போய்ச் சேரும், விலகல் நடக்காது.

மற்ற இரண்டு வழிகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வெட்டி எறிய ஒன்றுமில்லை. முகவரி முழுவதுமே குறிதான். அதை மாற்றினால் கடிதம் உங்களிடம் வராது, அல்லது கேட்ச்-ஆலில் அடையாளம் தெரியாத பெயரோடு வந்து நிற்கும்.

## கடையின் பெயர் மட்டும் போதாது

சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கடையின் பெயரையே பெயர்ப்பகுதியாக வைப்பார்கள். `puthakam@kayal.example` என்பது போல. படிக்க வசதி, நினைவில் வைக்கவும் வசதி. ஆனால் ஊகித்து எழுதவும் அதே அளவு வசதி. எரிதம் அனுப்புகிறவர்கள் (எரிதம் என்றால் கேட்காமலே மொத்தமாக அனுப்பப்படும் கடிதம்) ஒரு டொமைன் கிடைத்தால் `info`, `admin`, `sales` என்று வழக்கமான பெயர்களை எல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். பிரபலமான தளங்களின் பெயர்களையும் போடலாம். கேட்ச்-ஆல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கடிதத்தைப் பார்த்து நீங்கள் ஒரு பாவமும் அறியாத தளத்தைக் குறை சொல்வீர்கள்.

இதைத் தடுக்கக் கடைப் பெயருக்குப் பின்னால் தாறுமாறான நான்கு எழுத்துகளைச் சேர்த்தால் போதும்:

```
puthakam.k7q4@kayal.example
```

ஆங்கில எழுத்து 26, இலக்கம் 10, ஆக ஒரு இடத்துக்கு 36 வாய்ப்பு. நான்கு இடங்களுக்கு 16 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். ஒரு தனி ஆளின் டொமைனுக்கு இத்தனையையும் போட்டுப் பார்க்க யாரும் உட்காரமாட்டார்கள். ஆகவே `k7q4` சரியாக இருக்கும் கடிதம் வந்தால், அந்த முகவரியை எங்கோ பார்த்தவர்தான் அதை அனுப்பியிருக்கிறார். கடவுச்சொற்களைச் சேமிக்கும் செயலியிலேயே இந்த முகவரியையும் கொடுத்த தேதியையும் குறித்து வைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து `k7q4` எந்தக் கடை என்று மனப்பாடமாகச் சொல்ல யாராலும் முடியாது.

சுருக்கமாக: கூட்டல் குறியை வெட்டிவிடலாம், வெறும் கடைப் பெயரை ஊகித்துவிடலாம். தாறுமாறான வால் சேர்த்த தனி முகவரிதான் சாட்சி சொல்லத் தகுதியானது.

## உறைமேல் எழுதியதைப் படியுங்கள்

எரிதம் வந்துவிட்டது. எந்த முகவரிக்கு வந்தது என்று எப்படிப் பார்ப்பது? திரையில் `To` என்ற இடத்தில் தெரிவதை நம்பிவிடக் கூடாது. நிறைய பேர் இடறுவது இங்கேதான்.

தபால் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் முகவரி இருக்கிறது. உள்ளே தாளில் "அன்புள்ள மாமா" என்று இருக்கலாம், யார் பெயரும் இல்லாமலும் இருக்கலாம். தபால்காரர் உறையைத்தான் பார்க்கிறார். மின்னஞ்சலிலும் அப்படித்தான். திரையில் தெரியும் `To` என்பது உள்ளே இருக்கும் தாளில் எழுதியது. அனுப்புகிறவர் எதை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். சர்வர் கடிதத்தைச் சேர்ப்பது உறையில் உள்ள முகவரியை வைத்து. அந்த உறையின் தடயம் ஹெட்டரில் மிஞ்சியிருக்கும். ஹெட்டர் என்பது கடிதம் கடந்து வந்த பாதையை ஒவ்வொரு சர்வரும் குறித்து வைக்கும் வரிகள். ஜிமெயிலில் கடிதத்தின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்தினால் தெரியும். பார்க்க ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Received: from mail.example.net
    by mx.kayal.example
    for <puthakam.k7q4@kayal.example>
To: undisclosed-recipients:;
```

`To` வரியில் யாருடைய முகவரியும் இல்லை. ஆனால் `Received` வரியில் `for` என்பதற்குப் பின்னால் உறைமேல் எழுதிய முகவரி இருக்கிறது. `Received` வரிகள் பல இருக்கும். உங்கள் அஞ்சல்பெட்டி இருக்கும் சர்வர் எழுதியது எதுவோ அதை மட்டும் நம்புங்கள். பொதுவாக அது மேலே இருக்கும். கீழே உள்ளவற்றை அனுப்பியவர் போலியாகவும் சேர்த்திருக்கலாம். எல்லா சர்வரும் `for` எழுதுவதில்லை, சில `Delivered-To` அல்லது `X-Original-To` என்ற வரியில் எழுதும்.

## 2012: டிராப்பாக்ஸ் பயனர்கள் கண்டுபிடித்தது

இந்த முறை பெரிய அளவில் பலன் தந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2012 ஜூலை நடுவில் ஐரோப்பாவில் சில டிராப்பாக்ஸ் பயனர்கள் சூதாட்டத் தளங்களின் எரிதம் வருவதாகப் புகார் சொன்னார்கள். எரிதம் வருவது புதிதல்ல. ஆனால் அவர்களில் சிலர், "இந்த முகவரியை டிராப்பாக்ஸ் தவிர வேறு எங்கும் கொடுத்ததே இல்லை" என்றார்கள். ஒருவர் சொல்லியிருந்தால் தற்செயல் எனலாம். ஒருவரை ஒருவர் அறியாத பலர், அதே நாட்களில், அதே வகை எரிதத்தைக் காட்டியபோது அப்படி ஒதுக்க முடியவில்லை.

நிறுவனம் விசாரித்து, ஜூலை 31-ஆம் தேதி விளக்கம் வெளியிட்டது. ஊழியர் ஒருவரின் கணக்கில் திருடிய கடவுச்சொல்லால் யாரோ நுழைந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட ஒரு கோப்பு இருந்தது. எரிதம் வந்தது அதனால்தான் என்று கருதுவதாக நிறுவனம் சொன்னது. யாரும் எதையும் விற்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2016 ஆகஸ்டில், 2012-இல் திருடு போன தரவு வெளியே சுற்றுவது தெரியவந்தது. அதில் 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் முகவரிகளும், நேரடியாகப் படிக்க முடியாதபடி மாற்றிய கடவுச்சொற்களும் இருந்தன. நான்கு வருடம் முன்பே அந்த மாற்று முகவரிகள் புகை வருகிறது என்று சொல்லிவிட்டன. ஆனால் நெருப்பு எவ்வளவு பெரியது என்று அவற்றால் சொல்ல முடியவில்லை. முகவரி கசிந்தது தெரிந்த அன்றே அந்தத் தளத்தின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நிறுவனம் "முகவரி மட்டும்தான்" என்று சொன்னாலும் மாற்றுங்கள்.

## விற்றார்களா, திருடு போனதா, வேறு வழியா?

என் புத்தகக் கடைக்காரருக்கு நடந்ததும் அரிதானது அல்ல. 2011 ஏப்ரலில் அமெரிக்காவில் எப்சிலான் என்ற நிறுவனம் தன்னிடமிருந்து பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் திருடு போனதாக அறிவித்தது. பொதுமக்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் ஜேபி மார்கன் சேஸ், சிட்டி, பெஸ்ட் பை, மாரியட் போன்றவர்களுக்காக வாடிக்கையாளர் கடிதங்களை அனுப்பியது அதுதான். ஒரு வங்கிக்கு மட்டும் கொடுத்த முகவரி கசிந்தால் நாம் வங்கியைத்தான் நினைப்போம். போன கதவு வங்கியின் கதவு, பூட்டு உடைந்தது வேறொரு வீட்டில்.

அப்புறம், இன்னும் எளிய விபத்துகள் உண்டு. கடை ஊழியர் எல்லா வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி `To`-வில் போட்டு ஒரே கடிதம் அனுப்பிவிடுவார். அந்த நொடியில் உங்கள் முகவரி நூறு பேரின் கணினியில் போய் உட்கார்ந்துவிடும். அவற்றில் ஒன்றில் வைரஸ் இருந்தால் போதும். அல்லது தளம் உங்கள் முகவரியைப் பொதுப் பக்கத்தில் காட்டியிருக்கலாம்.

ஆக, எப்படிப் பிரித்தறிவது? எனக்கு உதவும் தடயம் வருகிற கடிதத்தின் தன்மைதான். பெயர் சொல்லி, விலகும் இணைப்போடு, முறையாகத் தொழில் செய்கிற ஒரு நிறுவனத்தின் விளம்பரம் வந்தால், தளம் முகவரியைப் பகிர்ந்திருக்க அல்லது விற்றிருக்க வாய்ப்பு அதிகம். அவர்களிடம் "என் முகவரி எங்கே கிடைத்தது?" என்று நேராகக் கேட்கலாம், சிலர் பதிலும் சொல்வார்கள். தினம் ஒரு புதுப் பெயரில் சூதாட்டம், போலி மருந்து, பரிசு என்று வந்தால் அது திருட்டுப் பட்டியலாகத்தான் இருக்கும். அவர்களுக்குப் பதில் எழுதவே கூடாது. நீங்கள் வாங்கிய பொருளின் பெயரையோ ஆர்டர் எண்ணையோ சொல்லிப் பணம் கேட்டால் விஷயம் இன்னும் தீவிரம். முகவரியோடு ஆர்டர் விவரமும் போயிருக்கிறது.

சந்தேகப்பட வேண்டிய இன்னொரு இடம் நம் வீடு. ஒரே வாரத்தில் ஐந்தாறு வெவ்வேறு மாற்று முகவரிகளுக்கு ஒரே மாதிரி எரிதம் வந்தால், ஐந்தாறு தளங்களும் ஒரே சமயத்தில் கசிந்தன என்று எண்ணாதீர்கள். அவை எல்லாம் சேரும் பொதுவான இடம் உங்கள் அஞ்சல்பெட்டி, கணினி, பிரௌசர் நீட்சி, அல்லது மாற்று முகவரிச் சேவை. அங்கே முதலில் தேடுங்கள். ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் வந்து, மற்றவை அமைதியாக இருந்தால்தான் விரல் வெளியே நீள வேண்டும்.

## கசிந்த பின் செய்வது

முதலில் கடவுச்சொல். பிறகு தளத்தில் உங்கள் கணக்குக்குப் புது மாற்று முகவரி ஒன்றைக் கொடுங்கள். அது வேலை செய்கிறது என்று உறுதியானதும் பழையதை மூடுங்கள். வரிசை மாறினால் கடவுச்சொல் மறந்த அன்று மீட்புக் கடிதம் வந்து சேராமல் கணக்கையே இழப்பீர்கள். பழையதை மூடியதும் அந்த எரிதம் அத்தனையும் நின்றுவிடும். நடைமுறையில் யார் குற்றவாளி என்று தெரிவதைவிட இந்த நிம்மதிதான் பெரிது என்பது என் அனுபவம்.

இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் அந்த மாற்று முகவரியைத் தேடிப் பாருங்கள். வெளிவந்த திருட்டுத் தரவுத் தொகுப்புகளில் எதில் அது இருக்கிறது என்று அங்கே தெரியும். சொந்த டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால், அதன் கீழ் உள்ள எல்லா முகவரிகளையும் சேர்த்தே தேடலாம். அங்கே இல்லாவிட்டால் கசியவில்லை என்று பொருளல்ல, இன்னும் வெளியில் தெரியவில்லை என்றும் இருக்கலாம்.

அப்புறம் தளத்துக்கு எழுதுங்கள். நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். "இந்த முகவரியை இந்தத் தேதியில் உங்களுக்கு மட்டும் கொடுத்தேன். இந்தத் தேதியில் இந்த எரிதம் வந்தது. ஹெட்டரை இணைத்துள்ளேன். உங்கள் பக்கமோ, உங்களுக்காகக் கடிதம் அனுப்பும் நிறுவனத்தின் பக்கமோ ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்க முடியுமா?" இப்படிக் கேட்டால் விவரம் தெரிந்த ஊழியரிடம் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு. திட்டி எழுதினால் அது வழக்கமான மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும்.

## இது எட்டாத இடங்கள்

மாற்று முகவரியிலிருந்து பதில் எழுதும்போது கவனம் வேண்டும். சேவைகள் தரும் பதில் வழியை விட்டுவிட்டு உங்கள் உண்மை முகவரியிலிருந்து அனுப்பிவிட்டால், அந்தத் தளத்திடம் இனி இரண்டுமே இருக்கும். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் ஆபத்து அதைவிடப் பெரிது. வேறொருவர் அதை வாங்கி, உங்கள் எல்லாக் கணக்குகளின் மீட்புக் கடிதங்களையும் தன் பெட்டிக்கு வரவைக்கலாம். அதனால் வங்கி, வருமான வரி போன்றவற்றுக்கு நான் சொந்த டொமைன் முகவரியைக் கொடுப்பதில்லை. அவற்றுக்கென்று தனியாக ஒரு சாதாரண அஞ்சல்பெட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று போன் எண். நம் ஊரில் ஓடிபி இல்லாமல் பல கடைகளில் பதிவு செய்ய முடிவதில்லை. எண்ணுக்குக் கூட்டல் குறி கிடையாது, கடைக்கு ஒரு சிம் வாங்கவும் முடியாது. பத்துத் தளங்களில் பத்து மாற்று முகவரி கொடுத்திருந்தாலும், பத்திலும் ஒரே எண் இருந்தால் பட்டியல்களை ஒன்று சேர்க்கிறவருக்கு அது ஒரே ஆள்தான். விளம்பர அழைப்பு வரும்போது அதில் `k7q4` போன்ற எந்த வாலும் இருக்காது. அதனால் நான் இப்போது, எண் கட்டாயமில்லாத இடங்களில் அதற்கான கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன்.